சூடேறும் சிலிக்கான்: மின்னூட்ட ஊர்திகளின் இயக்க எண்ணும் மின்கடத்து எண்ணும்

உலோகத்தைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடும். குறைக்கடத்தியைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறையும். முந்தைய வகுப்புகளிலேயே மாணவர்கள் இவ்விதியைக் கற்றிருப்பர். 1833 ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது, உலோகங்களுக்கு மாறாக அதன் மின்கடத்தும் திறன் உயர்வதைக் கண்டார். குறைக்கடத்திகளைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் இது முதன்மையானது.

இவ்விதியை ஒரு சிலிக்கான் துண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். 1 செ.மீ. நீளமும், பக்கம் 1 மி.மீ. உடைய சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட ஒரு சிலிக்கான் கோலைக் கருதுக. அதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁵ பாஸ்பரஸ் அணுக்கள் மாசாகச் சேர்க்கப்பட்டுள்ளன. நீர் புகா உறையிலிட்டு உருகும் பனிக்கட்டியில் வைக்கும்போது இதன் மின்தடை ஏறத்தாழ 370 ஓம். அறை வெப்பநிலையில் (300 கெல்வின்) அது 460 ஓம். கொதிநீரில் 780 ஓம். மின்தடை குறையவில்லை, இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. பெயரளவில் குறைக்கடத்தியான இப்பொருள் இங்கு உலோகத்தைப் போல நடந்துகொள்கிறது.

கோலை மின்னுலையிலிட்டு மேலும் சூடாக்கினால் 500 கெல்வினில் மின்தடை 1400 ஓம் அளவை அடைகிறது. அதன்பின் உயர்வு நின்று, சரிவு தொடங்குகிறது. 600 கெல்வினில் அது 410 ஓம் ஆகிவிடுகிறது. அதாவது, அறை வெப்பநிலையில் இருந்ததைவிடவும் குறைவு. ஒரே கோல் ஏறியும் இறங்கியும் காட்டும் இந்நடத்தைக்கான காரணத்தை இப்பாடம் விளக்குகிறது.

1. மின்கடத்து எண்: இரு காரணிகளின் பெருக்கற்பலன்

ஒரு பொருளின் வழியே பாயும் மின்னோட்டம் இரண்டு செய்திகளைப் பொறுத்தது. மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் ஊர்திகள் எத்தனை உள்ளன என்பது ஒன்று. மின்புலம் இழுக்கும்போது ஒவ்வோர் ஊர்தியும் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது மற்றொன்று. முதலாவது, ஊர்திகளின் எண்ணடர்த்தி n. இரண்டாவது, இயக்க எண் μ. ஓரலகு மின்புலத்தில் ஊர்தி பெறும் இழுப்புத் திசைவேகமே இயக்க எண் எனப்படும்.

v = μE

எலக்ட்ரான்கள் மட்டுமே ஊர்திகளாக உள்ள நிலையில் மின்கடத்து எண்

σ = qnμ

இங்கு q என்பது எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு. துளைகளும் பங்கேற்குமாயின் அவற்றின் எண்ணடர்த்தியையும் இயக்க எண்ணையும் கொண்ட மற்றோர் உறுப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலை மாறும்போது n, μ ஆகிய இரண்டுமே மாறுகின்றன. மேலே கூறிய விதி n-இன் மாற்றத்தை மட்டுமே கருத்திற்கொண்டது. கோலின் மின்தடை கொதிநீரில் உயர்ந்ததற்குக் காரணம் μ-இல் ஏற்பட்ட மாற்றமாகும்.

எலக்ட்ரான் படிகத்தினுள் ஓய்வில் இருப்பதில்லை. அறை வெப்பநிலையில் சிலிக்கானில் அது நொடிக்கு ஏறத்தாழ 2.3 × 10⁵ மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் அலைகிறது. இவ்வியக்கம் ஒழுங்கற்றது, ஆதலால் நிகர மின்னோட்டம் எதையும் தருவதில்லை. மின்புலம் செயற்படும்போது, இரு சிதறல்களுக்கு இடைப்பட்ட சிறு நேரத்தில் எலக்ட்ரான் புலத்திற்கு எதிர்த்திசையில் முடுக்கம் பெறுகிறது. அடுத்த சிதறலில் அது பெற்ற திசை குலைந்துவிடுகிறது. மீண்டும் முடுக்கம், மீண்டும் சிதறல். இவ்விடைப்பட்ட நேரத்தின் சராசரியே தளர்வு நேரம் τ. எனவே,

μ = qτ/m

இங்கு m என்பது எலக்ட்ரானின் பயனுறு நிறை. படிகத்தின் அணுக்கள் எலக்ட்ரான் மீது செலுத்தும் விசைகளின் விளைவு நிறையிலேயே அடக்கிக் கூறப்படுவதால் இப்பெயர் பெற்றது. சிலிக்கானில் மின்கடத்தலுக்குரிய அதன் மதிப்பு, தனித்த எலக்ட்ரான் நிறையில் 0.26 பங்கு.

*எடுத்துக்காட்டு 1.* மேற்கூறிய கோலில் 300 கெல்வினில் எலக்ட்ரானின் இயக்க எண் 1350 செ.மீ.²/வோல்ட்-நொடி. தளர்வு நேரத்தையும் சராசரி மோதலிடைத் தூரத்தையும் காண்க.

*தீர்வு.* SI அலகில் μ = 0.135 மீ.²/வோல்ட்-நொடி.

τ = μm/q = (0.135 × 0.26 × 9.11 × 10⁻³¹) / (1.6 × 10⁻¹⁹) ≈ 2 × 10⁻¹³ நொடி

மோதலிடைத் தூரம் = 2.3 × 10⁵ × 2 × 10⁻¹³ ≈ 4.6 × 10⁻⁸ மீட்டர். அதாவது 46 நானோமீட்டர்.

இவ்விடையைக் கணக்கின் முடிவாக மட்டும் கொண்டு கடந்துவிடக் கூடாது. சிலிக்கான் படிகத்தில் அடுத்தடுத்த இரு அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு 0.235 நானோமீட்டர் மட்டுமே. அவ்வாறாயின் எலக்ட்ரான் ஒருமுறை சிதறுவதற்குள் ஏறத்தாழ 200 அணுக்களைக் கடந்து செல்கிறது. நெருக்கமாக அமைந்த அணுக்களின்மேல் மோதுவதே மின்தடைக்குக் காரணம் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. எலக்ட்ரானைச் சிதறடிப்பவை அணுக்கள் அல்ல எனில், வேறு எவை?

2. சிதறலின் காரணங்கள்

இவ்வினாவுக்கு விடை 1928 ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் பிளாக் என்பவரிடமிருந்து கிடைத்தது. எலக்ட்ரான் அலைப்பண்பு உடையது. அணுக்கள் பிழையேதுமின்றிச் சீரான இடைவெளியில் அமைந்திருந்தால், அவ்வலை சிதறலே இன்றி அவற்றினூடே செல்லும் என்று அவர் நிறுவினார். எனவே அணுக்கள் இருப்பது தடையன்று. அவற்றின் ஒழுங்கு குலைவதே தடை. சிலிக்கானில் இவ்வொழுங்கைக் குலைப்பவை முதன்மையாக இரண்டு: அணிக்கோவையின் அதிர்வு, அயனியாகிய மாசு அணு.

*அணிக்கோவைச் சிதறல்.* வெப்பத்தால் அணுக்கள் தத்தம் இடத்தில் அதிர்கின்றன. ஓரிடத்தில் அணுக்கள் சற்று நெருங்கவும் மற்றோரிடத்தில் சற்று விலகவும், அலைகளாக இவ்வதிர்வு படிகம் முழுவதும் பரவுகிறது. இவ்வதிர்வு அலைகளின் ஆற்றல் துணுக்குகள் ஃபோனான்கள் எனப்படும். அணுக்களின் இடைவெளி சீர்குலையும் இடங்களில் எலக்ட்ரான் திசை திருப்பப்படுகிறது.

வெப்பநிலை உயர்ந்தால் இச்சிதறல் ஏன் கூடுகிறது என்பதை எளிய முறையில் விளக்கலாம். அதிர்வின் ஆற்றல் தனிவெப்பநிலை T-க்கு நேர்விகிதத்தில் அமைவதால், குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும்போது நிகழும் சிதறல்களின் எண்ணிக்கை T-க்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எலக்ட்ரானின் வெப்ப வேகமோ T-இன் இருபடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அத்தொலைவை அது விரைவில் கடந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு நொடியில் நிகழும் சிதறல்கள் T³ᐟ² என்னும் விகிதத்தில் கூடும். ஆகவே இயக்க எண் T⁻³ᐟ² என்னும் விகிதத்தில் குறைய வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பல நூல்கள் இவ்வடுக்கை அப்படியே சிலிக்கானுக்கு எழுதிவிடுகின்றன. அறை வெப்பநிலையை ஒட்டித் தூய சிலிக்கானில் அளந்து காணப்படும் அடுக்கு ஏறத்தாழ −2.4 ஆகும். மேலே கூறிய விளக்கம், ஒலியலையைப் போன்ற நீண்ட அதிர்வுகளை மட்டுமே கருதுகிறது. வெப்பநிலை உயரும்போது, அடுத்தடுத்த அணுக்கள் ஒன்றுக்கொன்று எதிராக அதிரும் உயர் ஆற்றல் அதிர்வுகளும் கிளர்ந்தெழுகின்றன. அவையும் எலக்ட்ரானைச் சிதறடிப்பதால் இயக்க எண் இன்னும் விரைவாக வீழ்கிறது. ஆகவே சிலிக்கானுக்கான கணக்குகளில் அளந்த மதிப்பான 2.4-ஐப் பயன்படுத்துவதே முறை.

*மாசு அயனிச் சிதறல்.* பாஸ்பரஸ் அணு தன் ஐந்தாவது எலக்ட்ரானைப் படிகத்திற்குக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாக நிலைத்துவிடுகிறது. அதன் அருகே வரும் எலக்ட்ரான், கூலூம் கவர்ச்சி விசையால் பாதை வளைந்து செல்கிறது. கதிரவனை நெருங்கும் வால்மீனை இதற்கு ஒப்பிடலாம். மெதுவாக வரும் வால்மீனின் பாதை பெரிதும் வளையும். மிக விரைவாக வருவதன் பாதையோ சிறிதே வளையும். எலக்ட்ரானுக்கும் அவ்வாறே. வெப்பநிலை உயர்ந்தால் அதன் வேகம் கூடுகிறது; அயனியின் அருகில் அது தங்கும் நேரம் குறைகிறது; விலக்கமும் குறைகிறது. எனவே இச்சிதறல் வெப்பநிலை உயர உயர வலுவிழக்கிறது. எஸ்தர் கான்வெல், விக்டர் வைஸ்காஃப் ஆகிய இருவரும் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இதனால் கட்டுப்படுத்தப்படும் இயக்க எண் T³ᐟ²-க்கு நேர்விகிதத்திலும், அயனிகளின் எண்ணடர்த்திக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது.

இரு வகைச் சிதறல்களும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒரு நொடியில் ஏற்படும் மொத்தச் சிதறல்கள், இரண்டின் கூட்டுத்தொகை. சிதறல் வீதம் இயக்க எண்ணின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால்,

1/μ = 1/μ₁ + 1/μ₂

என எழுதலாம். இங்கு μ₁ அணிக்கோவைச் சிதறல் மட்டும் இருந்தால் கிடைக்கும் இயக்க எண். Μ₂ அயனிச் சிதறல் மட்டும் இருந்தால் கிடைக்கும் இயக்க எண். இது மத்தீசன் விதி எனப்படும். பக்க இணைப்பிலுள்ள மின்தடைகளைப் போலவே, இரண்டில் சிறியதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வேகமான எலக்ட்ரானையும் மெதுவான எலக்ட்ரானையும் இவ்விரு சிதறல்களும் வெவ்வேறு அளவில் பாதிப்பதால், இவ்விதி தோராயமானதே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் கோலில் ஐந்து கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு வீதமே உள்ளது. அறை வெப்பநிலையில் அயனிச் சிதறலின் பங்கு இதில் மிகச் சிறிது. அணிக்கோவையின் அதிர்வே ஆட்சி செய்கிறது. மிகக் குளிர்ந்த நிலையில் அதிர்வு அடங்கிவிடுவதால் அயனிகளின் கை ஓங்குகிறது. எனவே குளிர்நிலையிலிருந்து சூடாக்கிக்கொண்டே வந்தால், இயக்க எண் முதலில் உயர்ந்து ஓர் உச்சத்தை அடைந்து, பின் குறையத் தொடங்கும். மாசு மிகுந்தால் இவ்வுச்சம் தாழ்வதோடு உயர் வெப்பநிலையை நோக்கியும் நகர்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ பாஸ்பரஸ் அணுக்கள் இருந்தால் அறை வெப்பநிலை இயக்க எண் ஏறத்தாழ 700 ஆகவும், 10¹⁹ இருந்தால் ஏறத்தாழ 100 ஆகவும் குறைந்துவிடுகிறது. இவ்வளவு மிகுதியாக மாசூட்டிய சிலிக்கானில், ஒரு சிதறல் வளர்வதும் மற்றொன்று தேய்வதும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆதலால் அறை வெப்பநிலையை ஒட்டி இயக்க எண் வெப்பநிலையுடன் சிறிதளவே மாறுகிறது.

3. ஊர்திகளின் எண்ணிக்கை

பாஸ்பரஸ் அணுவின் ஐந்தாவது எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் 0.045 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் பிணைப்பு ஒன்றை முறித்து எலக்ட்ரான்–துளை இணையை உண்டாக்கவோ 1.12 எலக்ட்ரான் வோல்ட் தேவை. இவ்விரு ஆற்றல்களுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாடே, வெப்பநிலை அச்சை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது.

மிகக் குறைந்த வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் தத்தம் பாஸ்பரஸ் அணுக்களிடமே கட்டுண்டு கிடக்கின்றன. 40 கெல்வினில் நம் கோலிலுள்ள மாசு அணுக்களுள் நூற்றுக்குச் சில மட்டுமே எலக்ட்ரானை விடுவித்திருக்கும். இது உறைவுப் பகுதி. வெப்பநிலை 100 கெல்வினை எட்டும்போது ஏறக்குறைய எல்லா அணுக்களும் தம் எலக்ட்ரானைக் கொடுத்து முடித்துவிடுகின்றன. அதன்பின் கொடுப்பதற்கு அவற்றிடம் ஏதுமில்லை. பிணைப்புகளை முறிக்கவோ வெப்ப ஆற்றல் போதாது. ஆகவே n என்பது 10¹⁵ என்ற அளவிலேயே நிலைபெறுகிறது. இது நிறைவுப் பகுதி. அறை வெப்பநிலையும் கொதிநீரின் வெப்பநிலையும் இப்பகுதிக்குள் அடங்குகின்றன.

மூன்றாவது பகுதியில் பிணைப்புகள் பெருமளவில் முறியத் தொடங்குகின்றன. தூய சிலிக்கானில் இவ்வாறு தோன்றும் எலக்ட்ரான்களின் எண்ணடர்த்தி nᵢ, 300 கெல்வினில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁰. 373 கெல்வினில் 10¹². 500 கெல்வினில் 3 × 10¹⁴. 600 கெல்வினில் 4 × 10¹⁵. இவ்வெண்களின் ஏற்றத்தைக் கவனிக்க. வெப்பநிலை இரண்டு மடங்காகும்போது nᵢ நான்கு லட்சம் மடங்காகிறது. இயக்க எண்ணோ அவ்விடைவெளியில் ஐந்தில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. அடுக்குக்குறி வளர்ச்சியின் முன் இயக்க எண்ணின் வீழ்ச்சி நிற்க இயலாது. தூய சிலிக்கானின் மின்தடை சூடாக்கும்போது எப்போதும் குறைவதன் காரணம் இதுவே.

4. கோலின் மின்தடையைக் கணக்கிடுதல்

*எடுத்துக்காட்டு 2.* முன்னுரையில் கூறிய கோலின் மின்தடையை 300, 373, 500, 600 கெல்வின் வெப்பநிலைகளில் கணக்கிடுக.

*தீர்வு.* கோலின் நீளம் 1 செ.மீ.; குறுக்குவெட்டுப் பரப்பு 0.01 செ.மீ.² ஆதலால், ஓம்-செ.மீ. அலகிலுள்ள மின்தடை எண்ணை 100-ஆல் பெருக்கினால் மின்தடை கிடைக்கும்.

300 கெல்வினில் n = 10¹⁵, μ = 1350.

σ = 1.6 × 10⁻¹⁹ × 10¹⁵ × 1350 = 0.216, மின்தடை எண் 4.63, மின்தடை 463 ஓம்.

373 கெல்வினில் nᵢ இன்னும் 10¹² மட்டுமே. அதாவது மாசு தரும் எலக்ட்ரான்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைப் புறக்கணிக்கலாம். n மாறவில்லை, μ மட்டும் மாறியுள்ளது.

μ = 1350 × (300/373)²·⁴ ≈ 800

σ = 0.128, மின்தடை 780 ஓம்.

500 கெல்வினில் நிலைமை மாறத் தொடங்குகிறது. முறிந்த ஒவ்வொரு பிணைப்பும் ஓர் எலக்ட்ரானையும் ஒரு துளையையும் தருவதால், n − p = 10¹⁵ என்பதும் np = nᵢ² என்பதும் ஒருசேர நிறைவேற வேண்டும். இவ்விரு சமன்பாடுகளைத் தீர்க்க, n = 1.08 × 10¹⁵, p = 0.08 × 10¹⁵ எனக் கிடைக்கும். எலக்ட்ரானின் இயக்க எண் ஏறத்தாழ 396. துளையின் இயக்க எண் ஏறத்தாழ 156.

σ = 1.6 × 10⁻¹⁹ × (1.08 × 396 + 0.08 × 156) × 10¹⁵ ≈ 0.07, மின்தடை ஏறத்தாழ 1400 ஓம்.

600 கெல்வினில் அதே முறையில் n = 4.5 × 10¹⁵, p = 3.5 × 10¹⁵. இயக்க எண்கள் முறையே 256, 104.

σ ≈ 0.24, மின்தடை ஏறத்தாழ 410 ஓம்.

மின்தடையின் உச்சம் 500 கெல்வினை ஒட்டி அமைகிறது. ஆனால் nᵢ மாசின் அளவான 10¹⁵-ஐ எட்டுவதோ ஏறத்தாழ 550 கெல்வினில்தான். அதற்கு முன்பே மின்தடை திரும்பிவிடுவது வியப்பளிக்கலாம். n அடைய வேண்டியது பெரும் அளவன்று. அதன் ஏறும் வீதம் μ இறங்கும் வீதத்தை மிஞ்சினாலே மின்தடை திரும்பிவிடும் என்பதை உணர்ந்தால் வியப்பு நீங்கும்.

5. n, μ இரண்டையும் பிரித்தறிதல்

மின்தடையை மட்டும் அளந்தால் கிடைப்பது n, μ ஆகியவற்றின் பெருக்கற்பலனே. 463 ஓம் காட்டும் கோலில் ஊர்திகள் பலவாக இருந்து மெதுவாக நகர்கின்றனவா, சிலவாக இருந்து விரைவாக நகர்கின்றனவா என்பதை அவ்வளவீடு கூறாது. இதனைப் பிரித்தறிய உதவுவது எட்வின் ஹால் 1879 ஆம் ஆண்டில் கண்டறிந்த விளைவு. மின்னோட்டம் பாயும் கோலுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைச் செலுத்தினால், ஊர்திகள் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றுகிறது. நிறைவுப் பகுதியில் இவ்வழுத்தம் n-க்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. சிதறலை அது பெரும்பாலும் சார்ந்திருப்பதில்லை. எனவே ஹால் அளவீட்டிலிருந்து n-ஐயும், மின்தடையிலிருந்து σ-வையும் பெற்று, இரண்டையும் வகுத்தால் μ கிடைக்கும். பாஸ்பரஸ், போரான் ஆகியவை மாசூட்டப்பட்ட சிலிக்கானை 1949 ஆம் ஆண்டில் பியர்சனும் பார்டீனும், ஆர்செனிக், போரான் ஆகியவை மாசூட்டப்பட்ட சிலிக்கானை 1954 ஆம் ஆண்டில் மோரினும் மைட்டாவும் இம்முறையிலேயே விரிவாக ஆய்ந்தனர்.

சோதனையில் பிழை நேரும் இடங்கள் சில உண்டு. சிலிக்கானும் உலோகக் கம்பியும் சேரும் இணைப்பு, ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் மின்னோட்டத்தை விடலாம். மின்னோட்டத் திசையை மாற்றி அளக்கும்போது வெவ்வேறு மின்தடைகள் கிடைத்தால், பிழை கோலில் இல்லை, இணைப்பில் உள்ளது என்று கொள்ளலாம். மின்னோட்டத்தைச் செலுத்த இரு முனைகளும் அழுத்தத்தை அளக்க வேறு இரு முனைகளும் அமைக்கும் நான்முனை முறை இக்குறையைப் போக்கும். மின்னோட்டம் மிகுந்தால் கோல் தானே சூடேறிவிடும். மின்னோட்டத்தைப் பாதியாக்கியும் மின்தடை மாறாதிருப்பதைக் கொண்டு இது நேரவில்லை என உறுதிசெய்யலாம். தூய சிலிக்கானை அளப்போர் அறையை இருட்டாக்க வேண்டும். ஒளி பட்டால் பிணைப்புகள் முறிந்து ஊர்திகள் பெருகும். வெப்பம் தந்த 10¹⁰ ஊர்திகளை விட அவை பன்மடங்காகிவிடக் கூடும்.

6. வெப்பநிலையை அறியும் சிலிக்கான்

நிறைவுப் பகுதியில் n மாறாமல் μ மட்டுமே மாறுவதால், மின்தடையைக் கொண்டே வெப்பநிலையைக் கணிக்கலாம். இக்கருத்தின் அடிப்படையில் n-வகை சிலிக்கானால் ஆன வெப்பநிலை உணரிகள் செய்யப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு வகை, 25 டிகிரி செல்சியஸில் 1000 ஓம் மின்தடையும், 100 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1700 ஓம் மின்தடையும் கொண்டது. இதனை இயக்க எண்ணின் விதியோடு ஒப்பிடுக:

(373/298)²·⁴ ≈ 1.71

சிதறலைக் குறித்த ஓர் அடுக்கெண், தொழிற்சாலையில் செய்யப்பட்ட கருவியின் அளவோடு இவ்வாறு பொருந்துகிறது. அடுக்கை 1.5 எனக் கொண்டிருந்தால் 1400 ஓம் என்ற விடையே கிடைத்திருக்கும்.

இவ்வகை உணரிகள் பலவற்றின் பயன்பாட்டு எல்லை 150 டிகிரி செல்சியஸ் ஆகும். அவ்வெல்லைக்கு அப்பால் வெகுதூரம் சென்றால் நேர்வது என்ன என்பதை எடுத்துக்காட்டு 2 காட்டுகிறது. மின்தடை உச்சத்தைக் கடந்து இறங்கும்போது, ஒரே மின்தடைக்கு இரண்டு வெப்பநிலைகள் உரியனவாகின்றன. நம் கோலை உணரியாகக் கொண்டு 600 கெல்வினை நெருங்கும் உலையில் வைத்தால், இணைந்த மின்சுற்று அதனை அறை வெப்பநிலை என்றே படிக்கும். உலையை நிறுத்த வேண்டிய கட்டுப்பாட்டுச் சுற்று மேலும் சூடாக்க ஆணையிடும்.

மின்திறன் டிரான்சிஸ்டர்களிலும் இத்திருப்பம் முக்கியமானது. பக்க இணைப்பிலுள்ள இரு சிலிக்கான் பாதைகளுள் ஒன்று சற்று மிகுதியாகச் சூடேறுவதாகக் கொள்க. நிறைவுப் பகுதியில் அதன் மின்தடை உயரும், மின்னோட்டம் தானே மற்றொன்றுக்கு நகரும், சூடும் தணியும். உச்சத்தைக் கடந்த பகுதியில் இது தலைகீழாகிறது. சூடான இடத்தின் மின்தடை குறைகிறது. மேலும் மின்னோட்டம் அங்கே குவிகிறது. அது மேலும் சூடாகிறது. இச்சுழற்சி தொடருமாயின், அச்சிறு இடம் உருகிப் பழுதாகும்.

திருப்பம் நிகழும் வெப்பநிலையை உயர்த்த வழி உண்டு. மாசின் அளவை ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ ஆக்கினால், 750 கெல்வினுக்கு மேல்தான் nᵢ அதனை எட்டும். எனினும் அதற்கு ஈடாக அறை வெப்பநிலை இயக்க எண் ஏறத்தாழ பாதியாகிவிடும். அயனிச் சிதறலின் பங்கு கூடுவதால், வெப்பநிலையுடன் மின்தடை மாறும் வீதமும் குறைந்துவிடும். வெப்பநிலை உணரி செய்பவருக்குத் தேவையானதே அவ்வீதம் என்பதால், அவர் குறைந்த மாசையும் அதனோடு வரும் தாழ்ந்த வெப்பநிலை எல்லையையும் ஏற்றுக்கொள்கிறார்.